திருவருகை வளையம்: நான்காம் ஞாயிறு வரை பத்திரமாக எரியும்படி செய்வது எப்படி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியைக் கூடுதலாக ஏற்றும் தழை வளையம்தான் திருவருகை வளையம். முதல் ஞாயிறன்று எல்லா வளையமும் பத்திரமாகத்தான் இருக்கும். தழை அன்று வெட்டியதுபோலப் பச்சையாக இருக்கும், நான்கு மெழுகுவர்த்திகளும் முழு உயரத்தில் நிற்கும், எரிவதும் ஒன்றே ஒன்று. நான்காம் ஞாயிறன்று நிலைமை வேறு. தழை மூன்று வாரம் வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்திருக்கும். முதல் மெழுகுவர்த்தி எரிந்து எரிந்து குட்டையாகி, அதன் சுடர் தழைக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். அதே நாளில்தான் நான்கையும் சேர்த்து ஏற்றுகிறோம். ஆகவே வளையத்தை முதல் நாளின் அழகுக்காகச் செய்யாமல் நான்காம் ஞாயிறை மனதில் வைத்துச் செய்ய வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மூன்றாம் ஞாயிறன்று. தெர்மாகோல் வளையத்தில் தழையைக் குத்தி, மெழுகுவர்த்திகளையும் அதிலேயே செருகி வைத்திருந்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. முதல் மெழுகுவர்த்தி அந்த மூன்றாவது வாரம் லேசாகச் சாய்ந்திருந்ததைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். ஜெபம் முடிவதற்குள் மெழுகு ஒரு பக்கமாக வழிந்து, சுடர் ரிப்பனைத் தொட்டது. ரிப்பன் சுருண்டு, கருகி, சொட்டுச் சொட்டாக உருகியது. ஈரத் துணியைப் போட்டு அணைத்துவிட்டோம், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் துணியை எடுத்துப் பார்த்தபோது தெர்மாகோலில் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் குழி. அது எரியவும் செய்யும், உருகி மெழுகுவர்த்தியைச் சாய்க்கவும் செய்யும். அதிலிருந்து நான் செய்வது ஒரே முறைதான்: மெழுகுவர்த்திகள் வளையத்தின் மேல் நிற்காது. வளையத்துக்குள்ளே, உலோகத் தட்டின் மேல் தனியாக நிற்கும். தழை வளையம் அவற்றைச் சுற்றி ஒரு வேலி மாதிரி கிடக்கும், வேண்டும்போது தனியாகத் தூக்கி எடுக்கலாம்.

வழக்கத்தின் தொடக்கத்தைப் பார்த்தாலும் மெழுகுவர்த்திதான் முதலில் வந்திருக்கிறது. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தை நடத்திவந்த யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் வரை நாள் எண்ணிப் பார்ப்பதற்காக ஒரு மரச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள், மற்ற நாள்களுக்குச் சின்னச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகள். பச்சைத் தழை சுற்றும் வழக்கம் அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது.

மெழுகுவர்த்தியின் உயரக் கணக்கு

தழை சேகரிக்கப் போகும் முன் மெழுகுவர்த்தியை முடிவு செய்யுங்கள். மற்ற அளவெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் மெழுகுவர்த்தி நான்கு ஞாயிறும் எரியும். இரண்டாவது மூன்று ஞாயிறு, மூன்றாவது இரண்டு, நான்காவது ஒரே ஒரு ஞாயிறு. நான்காம் வாரம் அவை படிக்கட்டுபோல நிற்பது அதனால்தான். நாம் பார்க்க வேண்டியது முதல் மெழுகுவர்த்தியை மட்டும். அது கடைசி ஞாயிறு இரவு எவ்வளவு உயரத்தில் இருக்கும்?

நான் எடுத்துக்கொள்வது 5 செ.மீ. குறுக்களவும் 15 செ.மீ. உயரமும் உள்ள தடித்த மெழுகுவர்த்தி. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணி நேரம் ஏற்றுவோம். இரண்டு மணி நேரம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தடித்த மெழுகுவர்த்தியைச் சீக்கிரம் சீக்கிரமாக அணைத்தால் திரியைச் சுற்றி மட்டும் உருகி, நடுவில் கிணறுபோலக் குழி விழுந்து, சுடர் அதற்குள் மூழ்கிவிடும். உருகிய மெழுகு ஏறக்குறைய விளிம்பு வரை பரவ, குறுக்களவில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். 5 செ.மீ.க்கு இரண்டு மணி நேரம்.

இந்தத் தடிமன் உள்ள மெழுகுவர்த்தி மணிக்கு அரை செ.மீ.க்குச் சற்று அதிகமாகக் குறையும். நான்கு ஞாயிறுக்கு எட்டு மணி நேரம் என்றால் சுமார் 5 செ.மீ. போய்விடும், 10 செ.மீ. மிஞ்சும். அதைத் தாங்கும் ஸ்டாண்டு 3 செ.மீ. உயரம் என்றால் மெழுகுவர்த்தியின் தலை 13 செ.மீ. உயரத்தில் இருக்கும். தழையின் உச்சி 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடையில் 7 செ.மீ. இருக்கிறது. சுடர் அலங்காரப் பொருளுக்கு 5 செ.மீ. அருகில் வந்துவிட்டால் அணைத்துவிட வேண்டும் என்பது மெழுகுவர்த்திக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விதி. நமக்கு அதற்கு மேலேயே இருக்கிறது, சரி.

இதே இடத்தில் 10 செ.மீ. உயர மெழுகுவர்த்தி வைத்திருந்தால்? கடைசியில் 5 செ.மீ. மிஞ்சும், ஸ்டாண்டோடு 8. தழைக்கு மேல் வெறும் 2 செ.மீ. வாங்கும்போது வித்தியாசம் ஐந்தே செ.மீ.தான், நான்காம் ஞாயிறன்று அதுதான் பத்திரமா ஆபத்தா என்பதைத் தீர்மானிக்கிறது.

மெழுகுக்கு மெழுகு எரியும் வேகம் மாறும். அதனால் ஐந்தாக வாங்கி ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். தட்டில் நிறுத்தி, உயரத்தை அளந்து, இரண்டு மணி நேரம் எரியவிட்டு, அணைத்து, ஆறியதும் மறுபடி அளந்தால் உங்கள் கணக்கு உங்களுக்குக் கிடைத்துவிடும். தினமும் மாலையில் அரை மணி நேரம் ஏற்றும் வீடு என்றால் திருவருகைக் காலம் 22 முதல் 28 நாள் வரை வருவதால், முதல் மெழுகுவர்த்தி 14 மணி நேரம்கூட எரிய வேண்டியிருக்கும். அப்போது இரண்டாவது வாரம் முடிந்ததும் அதை மாற்றிவிடுவதாக முதலிலேயே திட்டமிடுங்கள். ஒல்லியான நீள மெழுகுவர்த்தியானால் குழி விழாது, ஆனால் மணிக்குச் சுமார் 2.5 செ.மீ. கரையும். அதையும் இடையில் மாற்றத்தான் வேண்டும்.

நிறம் உங்கள் சபையின் வழக்கம்போல. கத்தோலிக்கரிடையே மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ஒரு ரோஜா நிறம். ஜெர்மனியில் நான்கும் சிவப்பாக வைக்கும் வீடுகள் நிறைய. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நான்கும் ஒரே தடிமன், ஒரே உயரம், ஒரே வகை மெழுகாக இருக்க வேண்டும். நறுமண மெழுகுவர்த்தி ஒன்றும் சாதாரணமானது மூன்றும் என்று கலந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் எரிந்து படிக்கட்டு கோணிவிடும்.

தட்டும் மணலும்

அடித்தளத்துக்கு விளிம்பு உயர்ந்த உலோகத் தட்டு வேண்டும். தாம்பாளம்போல அடி சமமாக, 45 செ.மீ. அகலமாக இருந்தால் போதும். பிளாஸ்டிக், அட்டை, தெர்மாகோல், பிரம்புத் தட்டு எதுவும் வேண்டாம். பூ அலங்காரத்துக்குப் பயன்படுத்தும் பச்சைப் பஞ்சும் வேண்டாம். அது லேசானது, அதில் செருகிய கனமான மெழுகுவர்த்தி சில நாளிலேயே துளையைப் பெரிதாக்கிக்கொண்டு ஆடத் தொடங்கும்.

தட்டில் நன்றாகக் காய்ந்த, சலித்த மணலை ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமான உயரத்துக்குப் பரப்புங்கள். இந்த அகலத்துக்குச் சுமார் 3 கிலோ பிடிக்கும். மணல் தட்டுக்குக் கனம் கொடுக்கும், யாராவது இடித்தாலும் சட்டென்று நகராது. ஸ்டாண்டுகள் அதில் அழுந்தி உட்காரும். சொட்டும் மெழுகு அதில் விழுந்து உறைந்துவிடும், அப்படியே கிள்ளி எடுக்கலாம். மணல் எரியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு மெழுகுவர்த்திகளுக்கும் இடம் குறிப்பதற்கு ஒரு காகித வட்டம் போதும். 22 செ.மீ. குறுக்களவில் ஒரு வட்டம் வெட்டி, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து விரியுங்கள். மடிப்புக்கோடுகள் வட்டத்தின் ஓரத்தைத் தொடும் நான்கு இடங்கள்தான் மெழுகுவர்த்திகளின் நடுப்புள்ளிகள். காகிதத்தைத் தட்டின் நடுவில் வைத்து அந்த நான்கு இடத்திலும் மணலில் விரலால் குழி செய்துவிட்டுக் காகிதத்தை எடுத்துவிடுங்கள். இந்த அளவில் அடுத்தடுத்த மெழுகுவர்த்திகளுக்கு இடையே 10 செ.மீ.க்குக் குறையாமல் இடைவெளி கிடைக்கும். அதற்குள் நெருங்கினால் குட்டையானதன் சூடு பக்கத்து நெட்டையானதன் விலாவை இளக்கிவிடும். அது வளைந்து வழியத் தொடங்கும்.

ஸ்டாண்டு உலோகமாகவோ பீங்கானாகவோ இருக்கட்டும், மெழுகுவர்த்தியைவிட அகலமான அடியும் சிறு விளிம்பும் இருக்கட்டும். நடுவில் முள் உள்ள ஸ்டாண்டு இன்னும் நல்லது. முள்ளைச் சூடாக்கிய பிறகு மெழுகுவர்த்தியின் அடியில் நேராக அழுத்துங்கள். குளிர்ந்த முள்ளைப் பலமாகக் குத்தினால் மெழுகு விரிசல் விடும். முள் இல்லையென்றால் மெழுகுவர்த்தியின் அடியை ஒரு நிமிடம் வெந்நீரில் பிடித்து, இளகியதும் துடைத்து ஸ்டாண்டில் அழுத்தி, ஆறும்வரை கையை எடுக்காமல் இருங்கள்.

நான்கும் நின்றபிறகு ஒரு சோதனை. ஏற்றாமல், தட்டின் ஒரு பக்கத்தை இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். எந்த மெழுகுவர்த்தியும் அசையக் கூடாது. அசைந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள், தழை வைத்த பிறகு யாருக்கும் அதைக் கலைக்க மனம் வராது.

குச்சி வளையம்

வளையத்தின் எலும்புக்கூடு வளையும் குச்சிகளாலோ கொடிகளாலோ ஆனது. திராட்சைக் கொடி, வில்லோ கிளை, வளைத்தால் ஒடியாத எந்தக் கொடியும் ஆகும். சுட்டுவிரலைவிட மெல்லியதாக, சுமார் 2 மீட்டர் நீளத்தில் ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்து நாளாகியிருந்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஊறியதா என்று தெரிய ஒரு நுனியை வளைத்துப் பாருங்கள். 'படக்' என்று சத்தம் வந்தால் இன்னும் ஊற வேண்டும்.

முதல் கொடியை 38 செ.மீ. குறுக்களவுள்ள வட்டமாக வளைத்து, மிஞ்சிய நுனியை அதே வட்டத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டே போங்கள். இரண்டாவது கொடியை முதல் கொடி தொடங்கிய இடத்திலேயே தொடங்காமல் கொஞ்சம் தள்ளித் தொடங்குங்கள். எல்லாத் தொடக்கமும் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே மட்டும் முண்டாகத் தடித்து, வளையம் தட்டில் சமமாக உட்காராது. ஐந்தாறு கொடியும் சுற்றி முடிந்தால் வளையம் இரண்டரை செ.மீ. தடிமனுக்கு வரும். நான்கைந்து இடத்தில் மெல்லிய கம்பியால் கட்டி, கம்பி முனைகளைக் குறடால் திருகி உள்பக்கம் மடக்கிவிடுங்கள். மடக்காத முனை கையைக் கிழிக்கும்.

கட்டியதும் வளையத்தைத் தட்டில் வைத்துப் பாருங்கள். மெழுகுவர்த்திகள் நான்கும் உள்ளே, ஸ்டாண்டு எதையும் தொடாமல் நிற்க வேண்டும். பிறகு வளையத்தை வெளியே எடுத்துவிடலாம். தழை கட்டும் வேலை முழுவதும் மேசையில்தான்.

தழை கட்டுவது

ஊசியிலை மரங்களின் தழை இதற்கு ஏற்றது: ஃபர், பைன், சைப்ரஸ், துஜா. இவை மெதுவாகக் காயும். அதே சமயம் இவற்றில் பிசின் உண்டு, காய்ந்தபின் சட்டென்று பற்றும். யூ மரத் தழையும் ஹாலிப் பழங்களும் அழகுதான், ஆனால் வாயில் போட்டால் விஷம். சின்னப் பிள்ளைகளோ நாய் பூனையோ இருக்கும் வீட்டில் அவை வேண்டாம்.

தழையை முதல் ஞாயிறுக்கு ஓரிரு நாள் முன்பு வெட்டினால் போதும். ஒரு வாரம் முன்பே வெட்டி வைத்தால் கடைசி வாரத்தில் அந்த ஒரு வாரம் கணக்கு தீர்த்துக்கொள்ளும். வெட்டிய கிளைகளை இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். காலையில் ஈரத்தை உதறிவிட்டு, உள்ளங்கை அகலத்தைவிடச் சற்று நீளமாக, சுமார் 12 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள்.

இனி வேலை கொஞ்சம் பொறுமை கேட்கும், ஆனால் கை பழகிவிட்டால் ஓடிவிடும். மூன்று துண்டுகளை விசிறிபோலச் சேர்த்து ஒரு கட்டு. சுருளாக இருக்கும் மெல்லிய கம்பியின் முனையை வளையத்தில் கட்டிவிட்டு, முதல் கட்டை வளையத்தின் மேல் சாய்வாக வைத்து, காம்பின் மேல் கம்பியை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். கம்பியை வெட்ட வேண்டாம். அடுத்த கட்டின் இலைப்பகுதி முந்தைய கட்டின் காம்பை மறைக்கும்படி ஐந்தாறு செ.மீ. தள்ளி வைத்து மறுபடி இரண்டு சுற்று. நுனிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இப்படி ஏறக்குறைய 22 கட்டுகளில் வட்டம் முடியும், கம்பி 8 மீட்டர் வரை செலவாகும். கடைசிக் கட்டுதான் புதியவர்களுக்குச் சிக்கல். முதல் கட்டின் இலைகளை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசிக் கட்டின் காம்பை அதன் அடியில் நுழைத்துக் கட்டினால் தொடக்கமும் முடிவும் தெரியாது.

ஒவ்வொரு கட்டையும் வைக்கும்போது லேசாக வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். உள்பக்கம், அதாவது மெழுகுவர்த்திப் பக்கம், தழை அதிகம் நீட்டக் கூடாது. முடிந்தபின் வளையத்தைத் தட்டில் இறக்கி, உள்ளே நீட்டும் ஒவ்வொரு நுனியையும் கத்தரித்துவிடுங்கள். மெழுகுவர்த்திக்கும் தழைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடம் எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும். மேலே துருத்தும் நுனிகளையும் அப்படியே. தழையின் உச்சி 6 செ.மீ. என்று போட்ட கணக்கு இங்கேதான் உண்மையாக வேண்டும். ஸ்கேலை மணலில் நிறுத்தி அளந்துவிடுங்கள். நான் ஒவ்வொரு முறையும் அளக்கிறேன், ஒவ்வொரு முறையும் எங்காவது ஒரு கிளை 9 செ.மீ.க்கு எழுந்து நிற்கிறது.

பைன் காய், காய்ந்த ஆரஞ்சு வில்லை, பட்டைச் சுருள் வைக்க ஆசையாக இருந்தால் வளையத்தின் வெளிச்சரிவில் மட்டும் வைத்துக் கம்பியால் கட்டுங்கள். பனிபோலத் தெரிய வேண்டும் என்று பஞ்சு வைப்பதும், பனி ஸ்பிரே அடிப்பதும் வேண்டவே வேண்டாம். பஞ்சு ஒரு பொறிக்கே பரபரவென்று பற்றிக்கொள்ளும்.

ரிப்பன்

கடைகளில் கிடைக்கும் சாட்டின் ரிப்பன் பெரும்பாலும் பாலியஸ்டர். அது எரிவதோடு உருகிச் சொட்டவும் செய்யும், அந்தச் சொட்டு விழும் இடமும் பற்றும். ஆகவே ரிப்பனுக்கு இடம் ஒன்றுதான்: வளையத்தின் வெளிப்பக்கம், தழையின் உச்சிக்குக் கீழே.

ஓரத்தில் மெல்லிய கம்பி ஓடும் ரிப்பனாக இருந்தால் வைத்த வடிவத்தில் நிற்கும், காற்றில் பறக்காது. 4 செ.மீ. அகலமுள்ளதில் 70 செ.மீ. வெட்டினால் ஒரு பூ முடிச்சு வரும். இரண்டு காதுகளாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போட்டு முடிந்து, முடிச்சின் பின்னால் ஒரு துண்டுக் கம்பியை நுழைத்து வளையத்தோடு திருகிவிடுங்கள். வால்களை ஒரு சாண் நீளத்துக்கு மேல் விடாதீர்கள், நுனியைச் சாய்வாக வெட்டினால் நூல் பிரியாது. நான்கு மெழுகுவர்த்திக்கு நான்கு பூ வைக்கலாம், ஆனால் எனக்கு ஒரே ஒரு பெரிய பூதான் பிடிக்கும். அதை முதல் மெழுகுவர்த்திக்கு நேராக வைக்க வேண்டாம். அதுதான் சீக்கிரம் குட்டையாகப் போகிறது. நான்காவதுக்கு நேராக வையுங்கள்.

வால் மேசை ஓரத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. தவழும் குழந்தைக்கும் பூனைக்கும் அது பிடித்து இழுக்க ஒரு கயிறு.

எங்கே வைப்பது

ஆடாத மேசை, அதன் நடுப்பகுதி. சுற்றிலும் குறைந்தது 30 செ.மீ.க்கு, காகிதமோ துணியோ திரைச்சீலையோ எதுவும் இருக்கக் கூடாது. மேலே குறைந்தது ஒரு மீட்டர் வெறும் இடமாக இருக்க வேண்டும். புத்தக அலமாரித் தட்டு, தொங்கும் நட்சத்திரம், காகிதத் தோரணம் ஆகியவற்றுக்குக் கீழே வைக்காதீர்கள். சுடரின் சூடு மேலே போகும் தூரம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஜன்னலைப் பாருங்கள். காற்று படுகிறதா என்பதைச் சுடரே சொல்லும். நேராக, நீர்த்துளி வடிவில் நின்றால் சரி. ஒரே பக்கம் சாய்ந்து நின்றாலோ புகை விட்டாலோ காற்று இருக்கிறது என்று அர்த்தம். அப்படி எரியும் மெழுகுவர்த்தி ஒரு பக்கமாகக் கரைந்து, அந்தப் பக்கமே வழிந்து, கடைசியில் சுடர் தழைப்பக்கம் சாய்ந்துவிடும். தட்டை நகர்த்த வேண்டுமானால் அணைத்துவிட்டு, மெழுகு உறைந்தபின் நகர்த்துங்கள்.

ஏற்றுவதும் அணைப்பதும்

ஏற்றும் முன் திரியை அரை செ.மீ. அளவுக்குக் கத்தரியுங்கள். நீளத் திரி உயரமான சுடரையும் கரியையும் தரும். நீண்ட கழுத்துள்ள லைட்டரோ நீளத் தீக்குச்சியோ எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் ஞாயிறன்று குட்டைத் தீக்குச்சியோடு சுடர்களுக்கு மேலாகக் கையை நீட்டினால் சட்டைக் கை பற்றும். முதல் மெழுகுவர்த்தியில் தொடங்கி வட்டமாகப் போவது வழக்கம். அதனால் முதல் மெழுகுவர்த்தி உங்களுக்கு எட்டத்தில், நான்காவது கிட்டத்தில் இருக்கும்படி தட்டைத் திருப்பி வைத்தால் எரிகிற சுடரைத் தாண்டிக் கை போக வேண்டியிருக்காது.

எரியும்போது அறையில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவதானாலும் அணைத்துவிட்டுப் போக வேண்டும். இது முடியாத வீட்டில், அதாவது ஓடியாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், பேட்டரி மெழுகுவர்த்தி வைப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஊதி அணைக்காதீர்கள். உருகிய மெழுகும் திரியின் பொறியும் தெறித்து விழுவது காய்ந்த தழையின் மேல்தான். மெழுகுவர்த்தி அணைக்கும் குமிழ்க் கரண்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நீளக் கைப்பிடியுள்ள சின்ன உலோகக் கரண்டியைக் கவிழ்த்துச் சுடரை மூடினால் போதும். திரியில் சிவப்புக் கங்கு மறைந்து புகை நின்ற பிறகுதான் எழுந்து போக வேண்டும். பிறகு பத்து நிமிடம் கழித்து ஒருமுறை வந்து பாருங்கள்.

பக்கத்தில் ஒரு தடித்த பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து வைத்திருங்கள். ஓர் இலையோ ரிப்பனோ பற்றினால் அதைப் போட்டு முழுவதுமாக மூடிவிடலாம். எரியும் மெழுகின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது சீறித் தெறிக்கும். துண்டுக்கு அடங்காமல் தீ வளையத்தில் ஓடத் தொடங்கிவிட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட நினைக்காதீர்கள். எல்லாரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, தீயணைப்புக்குச் சொல்லுங்கள்.

வாரா வாரம் பார்க்க வேண்டியது

வளையம் தனியாக இருப்பதன் பலன் இங்கேதான் தெரியும். புதன் அல்லது வியாழக்கிழமை அதைத் தட்டிலிருந்து தூக்கி, ரிப்பனைக் கழற்றிவிட்டு, அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் கால் மணி நேரம் முக்கி வையுங்கள். எடுத்துக் கவிழ்த்து, சொட்டு நிற்கும்வரை வடியவிட்டு, மறுபடி தட்டில் வைக்கலாம். மெழுகுவர்த்தியும் திரியும் நனையவே நனையாது. தழையின் மேல் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் அடிப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் அந்த ஈரம் சிறிது நேரத்தில் பறந்துவிடும். இவ்வளவும் செய்தாலும் வெட்டிய தழை காய்வதைத் தள்ளிப்போடத்தான் முடியும், நிறுத்த முடியாது.

ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஓர் ஊசியிலையை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் ஈரம் இருக்கிறது. 'சடக்' என்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. வளையத்தை லேசாகத் தட்டும்போது மணலில் பத்திருபது இலைகள் உதிர்ந்தாலும் அதே அர்த்தம். சைப்ரஸ், துஜா போன்ற செதில் இலைகளைக் கசக்கிப் பாருங்கள், விரலில் தூளாக ஒட்டினால் அவ்வளவுதான்.

காய்ந்த வளையத்துக்கு நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது. இரண்டு வழி இருக்கிறது. மூன்றாம் ஞாயிறுக்கு முன் கம்பியைப் பிரித்து, அதே கொடி வளையத்தில் புதுத் தழை கட்டுவது ஒன்று. ஒரு மாலை நேர வேலை, நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். நேரமில்லை என்றால் வளையத்தைத் தட்டிலிருந்து எடுத்து, எட்டத்தில் ஒரு சுவரில் மாட்டிவிட்டு, மணல் தட்டில் நான்கு மெழுகுவர்த்திகளை மட்டும் ஏற்றுங்கள். மணலுக்கு நடுவில் படிக்கட்டுபோல நிற்கும் அந்த நான்கும் தழையில்லாமலும் நன்றாகவே இருக்கும்.

ஏற்றும் முன் முதல் மெழுகுவர்த்தியின் பக்கத்தில் ஸ்கேலையும் நிறுத்திப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒன்றேகால் செ.மீ. குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அணைக்கும் நேரத்தில் தழைக்கு மேல் 5 செ.மீ. இருக்காது என்று தோன்றினால், சோதனைக்கு வாங்கிய ஐந்தாவதை அங்கே மாற்றி வைத்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு நடுவில் ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் சுற்றியிருக்கும் நான்கையும் எடுத்துவிட்டு அதை மட்டும் ஏற்றுங்கள். நடுவில் நிற்கும் மெழுகுவர்த்திக்கும் மற்றவற்றுக்கும் இடையே 6 செ.மீ.தான் இருக்கும், ஐந்தும் சேர்ந்து எரிய அது போதாது.

எல்லாம் முடிந்தபின் கம்பியைப் பிரித்து, காய்ந்த தழையை வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் அடுப்பிலோ கணப்பிலோ போட வேண்டாம், பிசின் தழை ஒரே மூச்சில் எரிந்து பொறி பறக்கும். மணலைச் சலித்து மெழுகுத் துணுக்குகளை எடுத்து ஒரு பையில் கட்டுங்கள். கொடி வளையத்தை நன்றாகக் காயவிட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றி, தாம்பாளத்தோடு பரணில் ஏற்றிவிட்டால் அடுத்த ஆண்டு நவம்பர் கடைசியில் தேட வேண்டியது தழையும் மெழுகுவர்த்தியும் மட்டும்தான்.